கண்ணில் படாதவன் சுட்ட குண்டு: ஒரு பார்வைக்கோட்டுப் பிழையின் முழுக் கதை

"அண்ணா, இவன் எங்க நிண்டு சுடுறான்?" என்று தம்பி கேட்டபோது அவன் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். உப்புவெளியில் நண்பன் வீட்டு விறாந்தையில் மூன்று பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தம்பி என்றது நண்பனின் தம்பியை. ஏ.எல். படிக்கிற பெடியன், எங்கள் விளையாட்டை முதலில் விளையாடிப் பார்க்கிற ஆளும் அவன்தான். அவனுடைய காவலாள் கோட்டை வாசலில் நிற்கிறான், சுற்றிவர எதிரி யாருமே தெரியவில்லை, ஆனால் எதிரியின் முறை வந்ததும் மூட்டத்துக்குள் இருந்து ஒரு குண்டு வந்து காவலாள் விழுந்துவிட்டான். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே மாதிரி நடந்தது.

விளையாட்டு 1782ஆம் ஆண்டுக் கதை. அந்த வருடம் ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள், ஆகஸ்ட் இறுதியில் சஃப்ரனின் பிரெஞ்சுப் படை வந்து அதை அவர்களிடமிருந்து பிடுங்கியது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்கள் சின்ன வயதிலிருந்து நுழைந்து போகிற அந்தக் கோட்டை வாசலைத்தான் முதல் வரைபடமாக எடுத்தோம். 24க்கு 24 கட்டங்கள். ஒரு கட்டம் ஒன்று சுவர், இல்லையென்றால் வெளி. ஒவ்வொரு காயும் 8 கட்டத் தூரம் பார்க்கும், பார்க்க முடிந்தவனை மட்டும்தான் சுடலாம். மற்றதெல்லாம் கறுப்பு மூட்டம்.

பார்த்தவனை மட்டும் சுடலாம் என்ற விதி இருக்கிற விளையாட்டில், இரண்டு பக்கமும் ஒரே தூரம் பார்க்கும்போது, நான் அவனைப் பார்க்காமல் அவன் என்னைப் பார்ப்பது என்பது நடக்கவே கூடாது. விறாந்தைத் தூணுக்குப் பின்னால் நண்பனை நிற்க வைத்துத் தம்பிக்குக் காட்டினேன். அவனுடைய கண் எனக்குத் தெரிந்தால் என்னுடைய கண் அவனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும், ஒளி போகிற பாதைக்கு முன் பின் கிடையாது. எங்கள் கட்டங்களில் ஏதோ ஓர் இடத்தில் அது உடைந்திருந்தது.

முதலில் சந்தேகப்பட்டது மூட்டத்தை வரைகிற பகுதியை. எதிரி நகர்ந்த பிறகு பார்வையைப் புதுப்பிக்காமல் பழைய படத்தையே காட்டுகிறதோ என்று, ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் காய்களின் பார்வையையும் முதலிலிருந்து கணக்கிடும்படி செய்தேன். அழுத்தினேன், எதிரி வரவில்லை. பிறகு பார்வைத் தூரம். இரண்டுக்கும் 8தான். அதற்குப் பிறகுதான் செய்யவேண்டியதைச் செய்தேன்: காவலாளின் இடம், எதிரியின் இடம், ஒருவனுக்கு மற்றவன் தெரிகிறானா என்று கணக்கிடும் பார்வைக்கோட்டுச் செயலி இரண்டு திசையிலும் சொல்லும் பதில், இந்த நாலையும் அச்சிட்டேன். மேல் இடது மூலை (0,0) என்று வைத்தால் காவலாள் (4,7), பிரெஞ்சுக்காரன் (6,8), வாசல் தூண் (5,7). காவலாளிடமிருந்து எதிரிக்கு `false`. எதிரியிடமிருந்து காவலாளுக்கு `true`.

அப்போ வரைவதில் பிழை இல்லை, கணக்கிலேயே பிழை.

பார்வைக்கோட்டுக்கு நான் பாவித்தது பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பதுதான், பிரெசன்ஹாமின் கோடு. ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் ஐபிஎம்மில் இருந்தபோது, கோடு வரையும் பொறிக்காக எழுதியது, 1965இல் வெளியானது. முழு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகும். வழியில் சுவர் இருந்தால் மறைப்பு. அதன் உள்ளம் இவ்வளவுதான்:

```
var e2 = 2 * err        # தொடக்கத்தில் err = dx - dy
if e2 > -dy:
    err -= dy
    x += sx
if e2 < dx:
    err += dx
    y += sy
```

இதைக் கொப்பியில் கையால் போட்டுப் பாருங்கள். காவலாளிடமிருந்து எதிரிக்குக் கிடைத் தூரம் `dx` 2, செங்குத்துத் தூரம் `dy` 1, ஆகவே `err` 1, `e2` 2. முதல் நிபந்தனை சரி, `x` ஒன்று கூடி 5 ஆகிறது. இரண்டாவது நிபந்தனை 2 < 2, அது பொய். `y` 7இலேயே நிற்கிறது. போய்ச் சேர்ந்த கட்டம் (5,7), அதாவது தூண். மறைத்துவிட்டது. இப்போது எதிரியிடமிருந்து தொடங்குங்கள். எண்கள் அச்சொட்டாக அதேதான், திசையைச் சொல்லும் `sx`, `sy` மட்டும் எதிர். `x` ஒன்று குறைந்து 5, `y` 8இலேயே நிற்கிறது. போய்ச் சேர்ந்த கட்டம் (5,8), வெறும் தரை. அடுத்த அடியில் காவலாள். தெரிகிறான், சுடுகிறான்.

உண்மையான நேர்கோடு `x` 5 ஆகும் இடத்தில் 7.5இல் போகிறது, சரியாக இரண்டு கட்டங்களின் நடுவில். 7ஆ 8ஆ என்று எதையாவது எடுக்கத்தான் வேண்டும், இந்தச் செயலி எப்போதும் தான் தொடங்கிய பக்கத்தை எடுக்கிறது. கோடு வரைவதற்கு அது பிழையே இல்லை, ஒரு புள்ளி மேலே கீழே இருந்தால் யாருக்கு என்ன. பார்வைக்கு அதை எடுக்கும்போதுதான் ஆள் சாகிறான்.

இது எப்போதெல்லாம் நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம். இரண்டு தூரங்களையும் அவற்றின் பொதுக் காரணியால் சுருக்கிய பிறகு, நீளமான பக்கம் இரட்டை எண்ணாக இருந்தால் நடுவில் விழும் இடம் ஒன்று கட்டாயம் வரும். (2,1) அப்படி, (4,1), (4,3) அப்படி, (4,2) சுருக்கினால் (2,1) ஆகிவிடும், அதுவும் அப்படி. (3,1)இல் வராது, (6,2) சுருக்கினால் (3,1) என்பதால் அங்கும் வராது. சதுரங்கத்தில் குதிரை பாயும் தூரம்தான் இதில் மிகச் சின்னது. வாசல், மூலை, தூண் என்று சண்டை நெருங்கி நடக்கும் இடங்களில் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் இரண்டு பேர் நிற்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் பல தடவை வரும். தம்பி வாசலிலேயே இரண்டு தடவை மாட்டினது அதனால்தான்.

முதல் திருத்தம் அன்று இரவே எழுதினேன். யார் கேட்டாலும் `x` சிறியதாக இருக்கிற முனையிலிருந்தே கோட்டைத் தொடங்கு என்றேன். கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே கோடு, ஒரே பதில். இரண்டு பக்கமும் `false`, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நண்பன் வரைபடங்களை இடம் வலமாக மாற்றிப் போடுகிற வழக்கமுள்ளவன், இரண்டு பேர் விளையாடும்போது எந்தப் பக்கத்துக்கும் சலுகை இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதமானவன். அதே வாசலைத் திருப்பிப் போட்டான். தூண் அதே (5,7), காவலாள் இப்போது (6,7), எதிரி (4,8). `x` சிறியது எதிரியுடையது, ஆகவே கோடு எதிரியிடமிருந்து தொடங்குகிறது, (5,8) வழியாகப் போகிறது, தடை இல்லை. ஒரே தூண், ஒரே தூரம், மேற்கு வாசலில் மறைக்கிறது, கிழக்கு வாசலில் மறைக்கவில்லை. "மச்சான், கிழக்குப் பக்கம் எடுக்கிறவன் வேற விளையாட்டு விளையாடுறான்" என்றான். சரியாகச் சொன்னான்.

இரண்டாவது திருத்தம் இதைவிட நேர்மையானது: இரண்டு திசையிலும் கோடு போடு, எது திறந்திருந்தாலும் தெரியும் என்று எடு. இது இரண்டு பக்கமும் சமம், கண்ணாடி மாதிரித் திருப்பினாலும் சமம். சின்ன விளையாட்டுக்கு இதோடு நிறுத்தலாம், நான் தடுக்கமாட்டேன். எங்களுக்கு நிறுத்த முடியாமல் போனது சுவர்களால்.

ஒரு நீண்ட மதிலை ஒட்டி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் (0,0), உங்களுக்குக் கீழே `y` 1இல் மதில் கிழக்கே நீண்டு போகிறது. பக்கத்திலே நின்று மதிலின் முழு நீளத்தையும் பார்க்கலாம் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் (3,1)இல் உள்ள மதில் கட்டத்துக்குக் கோடு போட்டால் அது (1,0), (2,1) வழியாகப் போகிறது, (2,1)உம் மதில், மறைத்துவிட்டது. அதற்கு அப்பால் எதை எடுத்தாலும் முந்தைய மதில் கட்டம் ஒன்று குறுக்கே நிற்கும். திரையில் முன்னால் உள்ள தரை எட்டுக் கட்டமும் வெளிச்சம், மதிலில் முதல் இரண்டு மூன்று கட்டம் மட்டும் தெரிந்து மீதி கறுப்பு. திருப்பிப் போட்ட கோடும் இதைக் காப்பாற்றாது, கடைசியில் அதுவும் மதிலுக்குள்ளேயேதான் ஊர்ந்து வரும். தெரிகிற தரைக்குப் பக்கத்தில் உள்ள சுவரையும் தெரியவை என்று ஒட்டுப் போட்டுப் பார்த்தேன். மதில் வந்துவிட்டது, ஆனால் எந்தப் பார்வையும் தொடாத உள்மூலைகளும் சேர்ந்து வெளிச்சமாகின. ஒட்டின் மேல் ஒட்டு.

அப்போதுதான் கட்டம் கட்டமாகக் கோடு போடுகிற வழியையே விட்டுவிட்டு ஷேடோகாஸ்டிங்குக்குப் போனேன், அதிலும் ஆல்பர்ட் ஃபோர்ட் எழுதிய சமச்சீர் வகைக்கு. யோசனை எளிது. பார்ப்பவனைச் சுற்றி நாலு கால்பகுதி. ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக வெளியே போகிறோம், தொடக்கச் சாய்வு, முடிவுச் சாய்வு என்று இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் இன்னும் மறைக்கப்படாத வெளி. வரிசையில் சுவர் வந்தால் அந்த இடைவெளி ஒடுங்கும், அல்லது இரண்டாகப் பிரியும். வழியில் பார்வை தொடுகிற சுவர் எல்லாம் தெரிந்ததாகிவிடும், ஆகவே மதில் முழுசாக வரும். தரைக்கு மட்டும் விதி கடுமை: கட்டத்தின் நடுப்புள்ளி இடைவெளிக்குள் விழுந்தால்தான் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது இந்த விதியால். நடுவிலிருந்து நடுவுக்குப் போகிற நேர்கோடு ஒன்றுதான், அது திறந்திருந்தால் இருவருக்கும் திறந்திருக்கும்.

எங்கள் வாசலில் இதைப் போட்டுப் பார்ப்போம். இந்த முறையில் சுவர்க் கட்டம் முழுச் சதுரமாக மறைப்பதில்லை, கட்டத்தின் நாலு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்த வைர வடிவமாக மறைக்கிறது. பார்ப்பவனிடமிருந்து எத்தனையாவது வரிசை என்பது ஆழம் `d`, அந்த வரிசையில் அவனுக்கு நேரிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி என்பது நிரல் `c`. அதனால் அந்தக் கட்டம் தொடங்கும் இடத்தில் சாய்வு `(2c − 1) / 2d`. காவலாளுக்குத் தூண் ஆழம் 1, நிரல் 0. அதற்கு அடுத்த நிரல் 1 தரை, அங்கே புதிய தொடக்கச் சாய்வு 1/2. எதிரி ஆழம் 2, நிரல் 1. தேவை 1 ≥ 2 × 1/2, அதாவது 1 ≥ 1. தெரிகிறான். எதிரியின் பக்கமிருந்து தூண் ஆழம் 1, நிரல் −1. அடுத்த நிரல் 0 தரை, சாய்வு −1/2. காவலாள் ஆழம் 2, நிரல் −1, −1 ≥ −1, அவனும் தெரிகிறான். கோடு வைரத்தின் முனையை உரசிக்கொண்டு போகிறது, உரசல் மறைப்பில்லை என்பது விதி. திருப்பிப் போட்ட வாசலிலும் அதே பதில்தான் வந்தது.

மேலே 1 ≥ 1 என்று வந்ததைக் கவனியுங்கள். இந்த முறையில் முக்கியமான தீர்ப்பெல்லாம் இப்படிச் சமன்குறியில்தான் தொங்குகிறது. சாய்வைத் தசமத்தில் வைத்தால் ஆறில் ஒன்று, ஆறில் ஐந்து போன்றவை முழுசாக அடங்காது, கடைசி இலக்கம் ஒரு பக்கம் கூடி இன்னொரு பக்கம் குறையும், விரட்டிய பிழை பின்வாசலால் திரும்பி வரும். ஆகவே பின்னத்தைப் பின்னமாகவே, மேல் எண் கீழ் எண்ணாக வைத்துக் குறுக்கே பெருக்குங்கள்:

```
func centre_in(depth, col, s_num, s_den, e_num, e_den):
    return col * s_den >= depth * s_num \
       and col * e_den <= depth * e_num
```

சரி, இது உண்மையிலேயே சமமா என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. எழுந்தமானமாகச் சுவர்களைத் தூவி வரைபடங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் எல்லாத் தரைக் கட்டச் சோடிகளுக்கும் இரண்டு திசையும் கேட்டு, பதில் வேறுபட்டால் உடனே நின்று இடத்தை அச்சிடுகிற ஒரு சோதனை எழுதினேன். பழைய செயலியைக் கொடுத்தால் முதல் வரைபடத்திலேயே நின்றது. புதியது ஒன்றிலும் நிற்கவில்லை. அந்தச் சோதனை இப்போதும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓடுகிறது.

இதிலும் ஓர் இடத்தில் அடிபட்டோம். கோட்டையின் கொத்தளம் சரிவானது, நண்பன் அதைக் கட்டங்களை மூலைக்கு மூலை தொடவைத்து வரைந்திருந்தான். வைர வடிவங்களுக்கு நடுவில் மூலைவழியே சந்து இருக்கிறது, பார்வை அதற்குள்ளால் நுழைந்துவிடும். (1,0), (0,1) இரண்டும் சுவராக இருந்தாலும் (0,0)இல் நிற்பவனுக்கு (1,1) தெரியும். நடக்க விடமாட்டோம், ஆனால் பார்க்கலாம், சுடலாம். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கொத்தளம் தட்டி வேலி மாதிரி ஆகிவிட்டது. செயலியைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்தேன், அங்கே கைவைத்தால் சமத்துவம் போகும். வரைபடத்தில் ஒவ்வொரு மூலைத் தொடுகையிலும் ஒரு சுவர்க் கட்டம் கூட வைத்தான். மூங்கில் வேலிக்கு மட்டும் சந்தை வேண்டுமென்றே விட்டோம், அது பார்க்கவும் பொருத்தமாக இருக்கிறது.

பார்வை சரியான பிறகு மூட்டம் வேறு வழியால் கசிவதைத் தம்பிதான் பிடித்தான். காயைத் தூரத்தில் ஒரு கட்டத்துக்குப் போகச் சொன்னால் போகும் வழி கோடாகத் தெரியும். இருட்டுக்குள் ஓரிடத்தில் அந்தக் கோடு காரணமில்லாமல் வளைந்தது. "அண்ணா, வளையிற இடத்தில ஆள் நிக்கிறான்" என்றான். வழி தேடும் செயலிக்கு உண்மையான வரைபடத்தைக் கொடுத்திருந்தேன், அது மறைந்திருக்கும் எதிரியைச் சுற்றிப் போய் அவனைக் காட்டிக்கொடுத்தது. பத்து இடத்தில் சுட்டியைக் கொண்டுபோனால் எதிரிப் படை முழுவதையும் எண்ணிவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு அணிக்கும் அதற்குத் தெரிந்த வரைபடம் என்று தனியாக ஒன்று வைத்தோம். ஒரு கட்டம் அங்கே மூன்று நிலையில் ஒன்று: பார்த்ததே இல்லை, முன்பு பார்த்தது, இப்போது பார்ப்பது. முன்பு பார்த்ததற்கு, கடைசியாகப் பார்த்தபோது அங்கே என்ன இருந்தது என்ற பிரதியையும் சேமிக்கிறோம். எதிரி தூரத்தில் ஒரு கதவை உடைத்தால் திரும்பப் போய்ப் பார்க்கும்வரை என் திரையில் கதவு நிற்கத்தான் வேண்டும். வழி தேடுவது இந்தப் பிரதியில்தான். காய் ஒரே தாவலாகப் போகாமல் கட்டம் கட்டமாக நகர்கிறது, ஒவ்வொரு அடியிலும் பார்வை புதுப்பிக்கப்படுகிறது, புதிய எதிரி தெரிந்த உடனே நின்று மீதி நகர்வைக் கையில் வைத்துக்கொள்கிறது. தொட்டிருக்கிற கட்டம் எப்போதும் தெரிவதால் மோதுகிற அளவுக்கு யாரும் தெரியாமல் பக்கத்தில் நிற்பதில்லை. புதிதாக ஒரு கட்டம் தெரிந்த நகர்வை அன்டூ செய்யவும் விடுவதில்லை, இல்லையென்றால் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பி வருவது இலவசமாகிவிடும்.

தொலைநோக்கி வைத்திருக்கும் வேவுக்காரனுக்கு மட்டும் 11 கட்டம் கொடுத்திருக்கிறோம். அவன் 8க்கு அப்பால் நின்று ஒருவனைப் பார்க்கலாம், மற்றவன் அவனைப் பார்க்கமாட்டான். இது சுவரால் வருகிற சமமின்மை இல்லை, தூரத்தால் வருவது, வேண்டுமென்று வைத்தது. அதனால் சோதனையில் தூர எல்லையை எடுத்துவிட்டுச் சுவர்களை மட்டும் கேட்கிறோம். தம்பியின் முதல் கேள்விக்கும் விளையாட்டில் பதில் வைத்தோம்: யார் எங்கிருந்து சுட்டாலும் சுட்ட கட்டம் அடுத்த முறை முடியும்வரை மற்ற அணிக்குத் தெரியும், வெடிமருந்துப் புகை ஒரு சின்ன வெள்ளைத் திட்டாக அங்கே நிற்கும்.

போன ஞாயிறு அவன் திரும்பவும் அதே வாசலில் காவலாளை நிறுத்தினான். பிரெஞ்சுக்காரன் (6,8)க்கு வந்தான், வந்த அடியிலேயே மூட்டத்துக்கு வெளியே தெரிந்தான். தம்பி ஒன்றும் கேட்காமல் காவலாளைத் தூணுக்கு நேர் பின்னால் இழுத்துக்கொண்டான்.